எத்தனை விசில் வைக்கணும்?

சென்னை அசோக் நகரில், அசோக் தூணுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்த அடுக்குமாடி வீடு. அங்கே குடியிருக்கும் அக்காவுக்கு, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் விவசாயம் பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில், தம்பி 2 கிலோ கருப்பு கவுனி விதைநெல் வாங்கி வந்தார். மறைந்த நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த திருவிழா அது. 2 கிலோ வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே உள்ள வழக்கம். தம்பி திருப்பிக் கொடுத்தார், மீதியைப் பெருக்கினார். இந்த சம்பாவில் தை மாதக் கடைசியில் அறுத்து, மாசியில் அரைத்தபோது கையில் 250 கிலோ அரிசி நின்றது.

அங்கேதான் முதல் தவறு நடந்தது. நெல்லாக வைத்திருந்தால் பல மாதம் தாங்கும். மில்லுக்கு இரண்டு தடவை போகச் சோம்பல்பட்டு, மொத்தத்தையும் ஒரே நாளில் அரைத்துவிட்டார். கருப்பு கவுனியை உமி மட்டும் நீக்கி, தவிட்டோடுதான் விற்கிறார்கள். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. வெயில் ஏற ஏற அந்த எண்ணெய் கெட்டு, அரிசியில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். சாக்கு மூட்டையில் கிடக்கும் அரிசியைக் கத்திரி வெயிலுக்கு முன்பு விற்றாக வேண்டும். அதாவது, கையில் இருந்தது இரண்டரை மாதம்.

"நீ கவலைப்படாதே, எங்க குடியிருப்புக் குரூப்ல போடறேன்" என்றார் அக்கா. தம்பி அனுப்பிய வரிகள் இவை:

"கருப்பு கவுனி அரிசி. 100 சதவிகிதம் ஆர்கானிக். சத்து நிறைந்தது. கிலோ 190 ரூபாய். வேண்டுவோர் தொடர்பு கொள்ளவும்."

கீழே தம்பியின் போன் நம்பர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா இதைப் படத்தோடு போட்டார். தம்பிக்குக் கேள்விகள் வந்து குவிந்தன. அவரோ, நெல் அறுத்த தாளில் நிற்கும் உளுந்து வயலில் இருந்தார். போன் வீட்டில் கிடந்தது. சாயங்காலம் எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பதில் போட்டபோது, பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு வந்த கேள்விகள் 41. ஆர்டர் வந்தது 7.

"அக்கா, வயல்ல நிக்கிறவன் ஒரு கிலோ அரிசிக்கு அஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லிட்டிருந்தா உளுந்தை யாரு பார்க்கிறது? வியாபாரிகிட்டயே போட்டுடறேன்" என்றார் தம்பி. வியாபாரி கேட்ட விலை கிலோவுக்கு 95 ரூபாய்.

பால் கணக்கு நோட்டு

அக்கா, தம்பியின் போனில் இருந்த 41 கேள்விகளையும் தனக்கு அனுப்பச் சொன்னார். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கோடு போட்டார்.

வீட்டுக்கு வருமா, எவ்வளவு வாங்கணும், டெலிவரிக்குத் தனிக் காசா என்று கேட்டவர்கள் 11 பேர். எப்படிச் சமைப்பது, எத்தனை விசில் என்று 9 பேர். பச்சரிசியா, புழுங்கலா என்று 6 பேர். சாயம் போகுதே, பாலிஷா என்று 5 பேர். வண்டு வருமா என்று 4 பேர். சர்க்கரைக்கு நல்லதா என்று 4 பேர். மீதி இரண்டு பேரில் ஒருவர், இது மணிப்பூர் கருப்பரிசியா என்று கேட்டிருந்தார். அது சக்காவ் என்ற வேறு அரிசி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இன்னொருவர், உடைத்த அரிசி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

41 கேள்வி என்று மலைத்த விஷயம், பார்த்தால் ஆறே கேள்வி. அந்த ஆறுக்கும் தம்பி எழுதிய வரிகளில் பதில் இல்லை. "சத்து நிறைந்தது" என்பதை யாரும் கேட்கவே இல்லை. அது மட்டும் எழுதியிருந்தது.

அக்கா இன்னொன்றையும் கவனித்தார். கேள்வி கேட்டவர்களில் மூன்று பேரை மாடிப்படியில் பார்த்துப் பேசியபோது, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு பழைய கசப்பு இருந்தது. விசில் கேட்ட அம்மா, போன வருடம் கடையில் கவுனி வாங்கி, வெந்தும் வேகாமலும் குப்பையில் கொட்டியவர். வண்டு கேட்டவர், 5 கிலோ சிறுதானியத்தை வண்டுக்குக் கொடுத்தவர். இவர்களுக்கு "சுலபமாக வேகும்" என்று எழுதினால் நம்பமாட்டார்கள். எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை நிமிடம் என்று எழுதினால்தான் நம்புவார்கள்.

முதலில் சமைத்துப் பார்த்தார்

தம்பியிடம் எத்தனை விசில் என்று கேட்டதற்கு, "நம்ம வீட்டுல விறகடுப்புதானே, அம்மா வைக்கும், வேகும்" என்றார். ஊரில் தெரிந்த பதில் குக்கருக்கு உதவாது. அதனால் மூன்று நாள் தன் வீட்டுக் குக்கரிலேயே வைத்துப் பார்த்தார் அக்கா.

முதல் நாள் 2 மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு 3 பங்கு தண்ணீர், 5 விசில். அரிசி கல்லு மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அதே தண்ணீர், 6 விசில். உள்ளே வெந்திருந்தது, தோல் மட்டும் ரப்பராக இழுத்தது. மூன்றாம் நாள் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மூன்றரைப் பங்கு தண்ணீர் விட்டு, முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறுதீயில் வைத்து 20 நிமிடம் விட்டார். அரிசி வாய் பிளந்து வெந்திருந்தது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தார்.

அப்போதுதான் இன்னொரு விஷயமும் பிடிபட்டது. கருப்பு கவுனி ஒட்டும் தன்மையுள்ள அரிசி. எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் உதிரிச் சாதமாக வராது. குழம்பு ஊற்றிச் சாப்பிட நினைத்து வாங்குகிறவர் ஏமாந்துபோவார். கஞ்சி, பொங்கல், பாயசம், செட்டிநாட்டுப் பக்கம் வைக்கும் கவுனி அரிசி இனிப்பு, இதற்கெல்லாம்தான் பொருத்தம். இதை எழுதினால் சிலர் வாங்கமாட்டார்கள் என்றார் தம்பி. "வாங்கிட்டுத் திட்டறதுக்கு வாங்காமலே இருக்கட்டும்டா" என்றார் அக்கா.

சாயம் என்று சந்தேகப்பட்டால்

சாயக் கேள்விக்கு, "சத்தியமா கலக்கலை" என்று பதில் எழுதிப் பயனில்லை. கலப்படம் செய்கிறவரும் அதையேதான் எழுதுவார். வாங்குகிறவர் தாமே பார்க்கும்படி ஒரு வழி சொல்ல வேண்டும்.

கவுனியின் கருப்பு நிறம் தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி. நாவல் பழத்தில் இருப்பதும் இந்த வகைதான். தண்ணீரில் கரையும் நிறமி என்பதால் ஊறவைத்த தண்ணீர் ஊதாவாக மாறுவது இயல்பு. அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் தனியாக எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிந்தால், ஊதா நிறம் சிவப்புப் பக்கம் திரும்பும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலம், பச்சைப் பக்கம் போகும். அக்கா கண்ணாடி டம்ளரில் செய்து பார்த்தார், மாறியது. இயற்கை நிறமி இருக்கிறது என்பதைத்தான் இது காட்டும். வேறெதுவும் கலக்கவில்லை என்பதற்கு முழுச் சான்று ஆகாது. ஆனால், தண்ணீர் ஊதாவானதும் பதறிப்போய் அரிசியைக் கொட்டுகிறவருக்கு இது போதும்.

வண்டுக் கேள்விக்கு "வராது" என்று எழுதத்தான் கை போகும். அது பொய். மருந்துப் புகை போடாத அரிசியில், தானியத்துக்குள் வண்டு வைத்த முட்டை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெயில் காலத்தில் அது பொரிந்து வெளியே வரும். அதனால், வரலாம் என்று சொல்லி, வராமல் இருக்க வழியையும் சொல்வதே சரி. வாங்கியதும் காற்றுப் புகாத பையில் கட்டி, பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் 4 நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்கக் கூடாது. குளிர் அடங்கிய பிறகு பிரித்தால் ஈரம் கோக்காது.

மாத்திரையைக் குறைக்கலாமா?

நோட்டில் இருந்த ஆறு கேள்விகளில் ஒன்றில்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் மனத்தாங்கல் வந்தது. "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்னு ஒரு வரி போடு அக்கா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க, அதுக்குத்தான் வாங்கறாங்க" என்றார் தம்பி.

அக்காவும் எழுதத்தான் நினைத்திருந்தார். சர்க்கரை பற்றிக் கேட்ட நான்கு பேரில் மூன்றாவது மாடிப் பெரியவர் ஒருவர். லிப்டில் பார்த்தபோது, "இதை ஒரு மாசம் சாப்பிட்டா மாத்திரையைக் குறைச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்கோ படித்துவிட்டு நிஜமாகவே கேட்டார். அந்த ஒரு வரியை நாம் எழுதியிருந்தால், அவர் கேட்காமலே குறைத்திருப்பார் என்று அக்காவுக்குத் தோன்றியது.

தவிட்டோடு இருப்பதால் பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைவிடக் கவுனியில் நார்ச்சத்து கூடுதல். ஆனாலும் அது அரிசிதான், மாவுச்சத்து அதிலும் உண்டு. உணவுப்பொருள் ஒன்று நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விளம்பர விதிகளும் அனுமதிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் விற்கிறோம் என்பதால் அது மாறிவிடாது. தம்பி இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "நீ எழுதறதை எழுது" என்றார்.

"100 சதவிகிதம் ஆர்கானிக்" என்ற வரியும் போனது. தம்பியிடம் பி.ஜி.எஸ். சான்றோ வேறு சான்றோ இல்லை. யூரியாவும் பூச்சிமருந்தும் போடாமல் நான்கு வருடம் ஆகிறது என்பது உண்மை. அந்த உண்மையை அப்படியே எழுதினால், சான்று இருக்கிறதா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

எழுதி முடித்த விவரம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டது இது:

"கருப்பு கவுனி பச்சரிசி. தவிடு நீக்காதது, பாலிஷ் இல்லை.
2 கிலோ பை 380 ரூபாய், 5 கிலோ பை 925 ரூபாய். அசோக் நகர், கே.கே. நகர், மேற்கு மாம்பலத்துக்கு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் கொடுப்போம், தனிக் காசு இல்லை. மற்ற இடங்களுக்குக் கூரியர் செலவு தனி. 2 கிலோவுக்குக் குறைவாக இல்லை. இந்த விலை ஏப்ரல் 15 வரை.
கஞ்சி, பொங்கல், பாயசத்துக்கு நன்றாக இருக்கும். ஒட்டும் அரிசி, உதிரிச் சாதமாக வராது.
சமைக்க: ராத்திரி முழுக்க ஊறவைக்கவும். 1 டம்ளருக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிறுதீயில் 20 நிமிடம்.
ஊறவைத்த தண்ணீர் ஊதாவாகும். அது தவிட்டின் நிறம். எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், பார்த்துக்கொள்ளலாம்.
மருந்துப் புகை போடவில்லை, அதனால் வண்டு வரலாம். வாங்கியதும் ஐஸ் பெட்டியில் 4 நாள் வைத்துவிட்டு எடுத்து வைக்கவும். அரைத்தது மாசி மாதம். மே மாதத்துக்குள் சாப்பிடுவது நல்லது.
நான்கு வருடமாக ரசாயன உரம், பூச்சிமருந்து போடாத வயல். ஆர்கானிக் சான்று இன்னும் வாங்கவில்லை.
இது அரிசி, மருந்து இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடவும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

படங்கள் இரண்டு. ஒன்று பச்சை அரிசி, உள்ளங்கையில் வைத்து எடுத்தது. இன்னொன்று வெந்த கஞ்சி. சமைத்த படத்தைப் பார்த்தவர்கள் எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை.

வரிசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் முதல் சில வரிகள் மட்டும் தெரியும், மீதியைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும். அதனால் அதிகம் பேர் கேட்ட விஷயங்கள், அதாவது என்ன அரிசி, என்ன விலை, வீட்டுக்கு வருமா என்பவை மேலே வந்தன. சமைக்கும் முறையும் சேமிக்கும் முறையும் கீழே. மணிப்பூர் அரிசியா என்று ஒருவர் கேட்டதை எழுதவே இல்லை. ஒருவர் கேட்டதையெல்லாம் சேர்த்தால், யாருமே படிக்காத நீளத்துக்குப் போய்விடும். இரண்டாவது தடவை ஒரு கேள்வி வந்தால்தான் அது விவரத்தில் ஏற வேண்டும் என்று அக்கா வைத்துக்கொண்டார்.

பைக்கு ஒட்டும் லேபிளைத் தயார் செய்தபோதும் இதே பாடம்தான். 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், பேக் செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வரி உட்பட விலை, புகார் சொல்ல வேண்டிய நம்பர் ஆகியவற்றைக் கேட்கின்றன. இவற்றோடு 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் வேண்டும். எல்லாமே, வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்விகள்தான். விவரத்தில் எழுதியதும் லேபிளில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று அக்கா சரிபார்த்தார். எடையோ மாதமோ மாறியிருந்தால், அதற்கென்றே பத்துக் கேள்வி வரும்.

குறைந்ததும் குறையாததும்

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவை 14 மெசேஜ். அதில் 11 நேராக ஆர்டர்கள். விசில், சாயம், வண்டு பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

மீதி மூன்றும் வேறு ரகம். ஒருவர் அம்பத்தூருக்குக் கூரியர் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். எடையும் ஊரும் தெரியாமல் அதை முன்கூட்டியே எழுத முடியாது. இன்னொருவர் இன்றைக்கு ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டார். நாளுக்கு நாள் மாறும் விஷயத்தை விவரத்தில் எழுதினால், பழைய பதில் பொய்யாகிவிடும். மூன்றாமவர் ஒரு பாட்டி. எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போன் செய்தார். "எல்லாம் போட்டிருக்கியேம்மா, யார் எழுதினதுன்னு கேட்கத்தான் கூப்பிட்டேன்" என்றார். நம்பரை எடுத்துவிட்டால் இந்த மாதிரி ஆட்கள் வாங்கமாட்டார்கள். அவர் 5 கிலோ வாங்கினார்.

ஒரு சிக்கலும் வந்தது. விலையில் தேதி போடாத முதல் வாரப் பதிவை யாரோ கே.கே. நகர்க் குரூப்புக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்து ஒருவர் ஒரு கிலோவுக்கு 190 ரூபாய் அனுப்பினார். 2 கிலோவுக்குக் குறைவாக இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அக்கா பணத்தைத் திருப்பி அனுப்பாமல், அந்த ஒரு தடவை ஒரு கிலோ கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து படத்தின் மேலேயே பையின் எடை, விலை, "ஏப்ரல் 15 வரை" என்று எழுதித்தான் போடுகிறார். படம் மட்டும் தனியாகச் சுற்றினாலும் அந்த மூன்றும் கூடவே போகும்.

உதிரியாக வராது என்று எழுதியதால் எத்தனை பேர் வாங்காமல் போனார்கள் என்று கணக்கு இல்லை. ஆனால், வேகவில்லை என்று ஒரு பையும் திரும்பி வரவில்லை. மூன்றாவது மாடிப் பெரியவரும் 2 கிலோ வாங்கினார். மாத்திரையையும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

மே முதல் வாரத்தில் கடைசிப் பை போனது. வியாபாரிக்கு ஒரு கிலோவும் போகவில்லை. இந்த வருடம் நெல்லாகவே வைத்திருந்து, மாதம் 50 கிலோ அளவுக்கு அரைத்து அனுப்புவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் அரைத்த மாதத்தை விவரத்திலும் லேபிளிலும் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். அதை நோட்டில் குறித்துவைத்திருக்கிறார் அக்கா.

அந்தப் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு கேள்வி ஏறியிருக்கிறது. இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: "அடுத்த அரிசி எப்போ வரும்?" விவரத்தில் அதற்கும் ஒரு வரி சேர்த்தாகிவிட்டது. "அடுத்த அறுவடை தை மாதக் கடைசியில். மாசியில் புது அரிசி."